தேர்ச்சி ஏறியது, சராசரி இறங்கியது

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் பள்ளி வாசலில் கட்டப்படும் பேனரில் பெரிய எழுத்தில் இருப்பது தேர்ச்சி விழுக்காடுதான். மாநில அளவிலும் அதுவே தலைப்புச் செய்தி: 2023இல் 91.39, 2024இல் 91.55, 2025இல் 93.80. மாநில ரேங்க் அறிவிப்பை 2017இல் தமிழக அரசு நிறுத்திய பிறகு அந்த ஒற்றை எண்ணின் மவுசு இன்னும் கூடிவிட்டது. வகுப்புச் சராசரி எவ்வளவு என்று பெற்றோரும் கேட்பதில்லை, செய்தித்தாளும் கேட்பதில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குள்ளே மதிப்பெண் பட்டியலின் அடியில் இரண்டு எண்ணும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் ஆசிரியர் அறையில் முதலில் எழும் சந்தேகம், எங்கோ கூட்டல் தவறிவிட்டது என்பதுதான். கூட்டலில் ஒரு தவறும் இல்லாமலேயே இப்படி நடக்கும். அடிக்கடி நடக்கிறது. நடக்கும்போது வகுப்பறைக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அதைக் காட்ட, ஒரு தலைமையாசிரியர் தன் ஆசிரியர்களுக்கு எழுதும் கடிதமாக இதை அமைத்திருக்கிறேன். பள்ளியும் அதிலுள்ள நாற்பது பிள்ளைகளும் அவர்களின் மதிப்பெண்களும் விளக்கத்துக்காக நான் உண்டாக்கியவை. கணக்கு வினாத்தாளின் அமைப்பும், 35 என்கிற கோடும், மாலைச் சிறப்பு வகுப்பும் நிஜத்தில் உள்ளவை.

*

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நேற்றைய கூட்டத்தில் பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவின் கணக்கு முடிவை வாசித்தேன். அரையாண்டில் நாற்பது பேரில் 28 பேர் தேர்ச்சி, அதாவது 70 விழுக்காடு. இரண்டாம் திருப்புதலில் 35 பேர், 87.5 விழுக்காடு. எல்லாரும் கைதட்டினோம். அடுத்த வரியில் சராசரி 53.6இலிருந்து 50க்கு இறங்கியிருப்பதை வாசித்ததும் கைதட்டல் நின்றுவிட்டது. கூட்டலைச் சரிபாருங்கள் என்றார் ஒருவர். கேள்வித்தாள் கஷ்டம் என்றார் இன்னொருவர். கணக்கு சார் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

கூட்டத்தை அத்துடன் முடித்துக்கொண்டு இரண்டு தேர்வின் விடைத்தாள் கட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். கூட்டல் சரி. இரண்டு எண்ணும் சரி. இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

34 எடுத்த பிள்ளை அடுத்த தேர்வில் 35 எடுத்தால், நாற்பது பேர் வகுப்பில் தேர்ச்சி விழுக்காடு 2.5 ஏறுகிறது. அதே ஒரு மதிப்பெண்ணால் சராசரியில் ஏறுவது 0.025தான். இன்னொரு பிள்ளை 88இலிருந்து 77க்கு விழுந்தால் தேர்ச்சி விழுக்காடு இம்மியும் அசையாது. 77இலிருந்து 36க்கு விழுந்தாலும் அசையாது. தேர்ச்சிக் கணக்குக்கு 35 என்ற ஒரு கோடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கோட்டைத் தாண்டியவர் எவ்வளவு தூரம் தாண்டினார் என்பதும், தாண்டாதவர் எவ்வளவு கீழே நிற்கிறார் என்பதும் அதில் வராது. சராசரியில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரே எடை. யாருடைய மதிப்பெண், எந்த இடத்தில் என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு எண் ஏறி மற்றது இறங்கினால், கோட்டுக்குப் பக்கத்தில் சிலர் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், கோட்டுக்குத் தொலைவில் பலர் அதைவிட அதிகமாக இறங்கியிருக்க வேண்டும். வேறு வழியில்லை. யார் அவர்கள் என்று பார்க்க, நாற்பது பேரையும் அரையாண்டு மதிப்பெண்படி பிரித்து, அதே பிள்ளைகள் திருப்புதலில் எங்கே போனார்கள் என்று பக்கத்தில் எழுதினேன்.

அரையாண்டில் 76க்கு மேல் எடுத்தவர்கள் பத்துப் பேர். அவர்களின் சராசரி 88இலிருந்து 77க்கு வந்திருக்கிறது. 51 முதல் 75 வரை எடுத்த பத்துப் பேரின் சராசரி 64இலிருந்து 57. 35க்கும் 50க்கும் நடுவில் இருந்த எட்டுப் பேர் 42இலிருந்து 41. இவர்களிடம் பெரிய மாற்றமில்லை. கோட்டுக்கு நேர் கீழே, 20க்கும் 34க்கும் இடையில் இருந்த எட்டுப் பேர் 29இலிருந்து 37க்கு ஏறியிருக்கிறார்கள். ஏழு பேர் தேர்ச்சி, ஒருவன் 30. இருபதுக்கும் கீழே இருந்த நால்வர் 14இலிருந்து 9.

கூட்டிப் பாருங்கள். அந்த எட்டுப் பேர் சேர்ந்து சம்பாதித்தது 64 மதிப்பெண். மற்ற முப்பத்திரண்டு பேர் சேர்ந்து இழந்தது 208. மீதி 144ஐ நாற்பதால் வகுத்தால் 3.6. சராசரி இறங்கியதும் சரியாக அதே 3.6தான்.

*

இந்த இடத்தில் கடிதத்தைச் சற்று நிறுத்துகிறேன். தலைமையாசிரியர் செய்ததில் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. போன வருடப் பத்தாம் வகுப்பை இந்த வருடப் பத்தாம் வகுப்புடன் அவர் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்டால் ‘இந்த பேட்ச் சுமார்’ என்ற ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். அது பொய்யென்றும் நிரூபிக்க முடியாது. ஒரே பிள்ளைகளின் இரண்டு தேர்வுகளை எடுத்ததால் அந்தச் சாக்கு அடைபட்டுவிட்டது. பொதுத்தேர்வு முடிவை வைத்து இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விடைத்தாள்கள் பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை; வருவது மொத்த மதிப்பெண் மட்டும். எந்தக் கேள்வியில் பிள்ளை விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் கையில் தாள் இருக்கும் திருப்புதல் தேர்வைவிட்டால் வழியில்லை.

இன்னொன்று. நாம் பத்தாம் வகுப்பிலேயே புள்ளியியல் நடத்துகிறோம். வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு எல்லாம் அந்தப் புத்தகத்தின் கடைசி இயலில் இருக்கின்றன. அதை நடத்துகிற பள்ளியே தன் பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒற்றை விழுக்காடாகச் சுருக்கி மேலதிகாரிக்கு அனுப்புகிறது. இதில் உள்ள வேடிக்கையை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

*

கேள்வித்தாள் கஷ்டம் என்று சொன்னவருக்குப் பதில் சொல்ல வேண்டும். மாவட்டம் முழுக்க ஒரே தாள். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியரைப் போனில் பிடித்து, அவர் பள்ளியில் அரையாண்டில் முதல் பத்து இடத்தில் இருந்தவர்கள் இப்போது எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு மதிப்பெண் இறங்கியிருக்கிறார்கள் என்றார்.

அந்த இரண்டு மதிப்பெண் தாளின் கஷ்டத்தால்கூட இல்லாமல் இருக்கலாம். ஒரு தேர்வில் முதல் பத்து இடத்தைப் பிடிப்பவர்களில், அன்றைக்கு எல்லாம் தெரிந்த கேள்வியாக வந்துவிட்ட சிலரும் இருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்த யோகம் இருக்காது, கொஞ்சம் இறங்குவார்கள். அதேபோல் கடைசி இடத்தில் இருப்பவர்களில் அன்று காய்ச்சலோடு எழுதியவனும் இருப்பான். அவன் அடுத்த முறை தானாகவே கொஞ்சம் ஏறுவான். யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் உச்சி சற்றுத் தாழும், அடி சற்று உயரும். இதை நம் கணக்கில் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். கழித்தாலும், பக்கத்து ஊரில் 2 இறங்கிய இடத்தில் நமக்கு 11 இறங்கியிருக்கிறது. தானாகவே சற்று ஏறியிருக்க வேண்டிய கடைசி நால்வர் நம்மிடம் இறங்கியிருக்கிறார்கள்.

ஆகவே விடைத்தாளைப் பகுதி பகுதியாகப் பிரித்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றப் பாட ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். கணக்குத் தாளில் முதல் பகுதி பதினான்கு ஒரு மதிப்பெண் கேள்விகள். இரண்டாம் பகுதியில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், இருபது மதிப்பெண். மூன்றாம் பகுதியில் பத்து ஐந்து மதிப்பெண் கேள்விகள். பாதித் தாளே இதுதான், ஐம்பது. கடைசியில் வடிவியல் வரைதல் எட்டு, வரைபடம் எட்டு, ஆக பதினாறு.

முதல் பத்துப் பேரின் 88 எப்படி வந்தது? ஒரு மதிப்பெண்ணில் 13, இரண்டு மதிப்பெண்ணில் 19, ஐந்து மதிப்பெண்ணில் 43, வடிவியலும் வரைபடமும் 13. இப்போது 77 எப்படி? 13, 18, 33, 13. பதினொன்றில் பத்து மதிப்பெண் மூன்றாம் பகுதியில் மட்டும் போயிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கவனம் சிதறிவிட்டது, பரீட்சை பயம் வந்துவிட்டது என்றால் எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். இது ஒரே இடத்தில் விழுந்த ஓட்டை.

மூன்றாம் பகுதியின் கடைசிக் கேள்வி கட்டாயக் கேள்வி என்பதால் சாய்ஸில் விட முடியாது. அரையாண்டில் பத்துப் பேரில் ஏழு பேர் அதைத் தொட்டிருந்தார்கள். இப்போது இரண்டு பேர். முக்கோணவியல் கேள்வி ஒன்றில், எப்போதும் தொண்ணூறு எடுக்கிற பிள்ளை கோபுரத்தை வரைந்திருக்கிறாள், ஏற்றக்கோணத்தைக் குறித்திருக்கிறாள், tan 30° என்று எழுதியிருக்கிறாள், அதற்கு மேல் போகத் தெரியாமல் குறுக்கே கோடு அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள். டிசம்பரில் இதே மாதிரிக் கணக்கை முழுதாகப் போட்டவள் அவள். ஆறு வாரமாக அந்தப் பக்கத்தை யாரும் அவளைத் திருப்பச் சொல்லவில்லை.

அந்த ஆறு வாரம் நாம் என்ன செய்தோம் என்று எட்டுப் பேரின் தாளைப் பார்த்தால் தெரிகிறது. தேர்ச்சி பெற்றவர்களில் 37 எடுத்த ஒரு வழக்கமான தாள் என்றால் இப்படி இருக்கும்: ஒரு மதிப்பெண்ணில் 10, வடிவியலில் 7, வரைபடத்தில் 6, இரண்டு மதிப்பெண்ணில் நான்கு கேள்விக்கு 8, ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு கேள்வியைத் தொட்டு 6. சிறப்பு வகுப்பில் நாம் கையில் கொடுத்த மினிமம் மெட்டீரியல் அப்படியே தாளில் இறங்கியிருக்கிறது. தொடுகோடு வரைவது, வடிவொத்த முக்கோணம் வரைவது, வரைபடத் தாளில் அளவு எடுத்துப் புள்ளி குறிப்பது, புத்தகப் பின்பக்க ஒரு மதிப்பெண்கள். முக்கோணவியலும் ஆயத்தொலை வடிவியலும் அதில் இல்லை. முப்பத்தைந்துக்கு அவை தேவையில்லை என்பதால்தான் விட்டோம். அந்த எட்டுப் பேருக்கு அது சரியான முடிவு. இன்றும் சரி என்றே சொல்வேன்.

சிக்கல் மாலைச் சிறப்பு வகுப்பில் இல்லை. பகல் பாடவேளையில் இருக்கிறது. மாலையில் எட்டுப் பேருக்கு நடத்திய அதே தொடுகோட்டை, அதே ஒரு மதிப்பெண்ணை, மறுநாள் காலை மூன்றாவது பாடவேளையில் நாற்பது பேருக்கும் திரும்ப நடத்தினோம். ஏற்கெனவே வடிவியலில் எட்டுக்கு எட்டு வாங்குகிறவர்கள் அதையே பத்தாவது தடவை வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பங்குக்கு வர வேண்டிய நேரத்திலிருந்துதான் அந்த 64 மதிப்பெண் வந்திருக்கிறது.

ஏன் அப்படிச் செய்தோம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். மாவட்ட மீளாய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டியது தேர்ச்சி விழுக்காடு. போன முறையைவிடக் குறைந்திருந்தால் விளக்கம் கேட்பார்கள். சராசரி குறைந்ததற்காக இதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

*

இது தமிழ்நாட்டு வியாதி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை வரிசைப் பட்டியலாக வெளியிட்டார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஐந்து பாடங்களிலாவது ‘சி’ கிரேடு அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை விழுக்காடு என்பதுதான் பல ஆண்டுகள் முக்கிய அளவுகோல். நம் 35க்குப் பதில் அங்கே ‘சி’. விளைவும் அதேதான்: ‘டி’க்கும் ‘சி’க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துத் தனிக் கவனம் கொடுப்பது அங்கே பள்ளிகளின் வாடிக்கையாகிவிட்டது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றைக் கிட்டத்திலிருந்து கவனித்த ஜெனிபர் பூஹர்-ஜென்னிங்ஸ் 2005இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: எப்படியும் தேறுபவர்கள், உதவினால் தேறுபவர்கள், உதவினாலும் தேறாதவர்கள். நேரமெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்கே போயிற்று. போர்க்கள மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பிரிக்கும் முறையின் பெயரையே அவர் இதற்கும் வைத்தார். சில ஆண்டுகள் கழித்து டெரெக் நீல், டயான் ஷான்சென்பாக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பள்ளிகளின் மதிப்பெண்களை அலசி 2010இல் வெளியிட்டார்கள். தேர்ச்சியை வைத்துப் பள்ளியை மதிப்பிடும் முறை வந்தபின் நடுவில் இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியிருந்தது. கடைசியில் இருந்தவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

‘அப்படியானால் சராசரியையே அளவுகோலாக வைத்துவிடலாமே’ என்று தோன்றும். இங்கிலாந்து ஏறக்குறைய அதைத்தான் செய்தது. 2016 முதல் கோட்டைத் தாண்டியவர்களை எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தொடக்கப்பள்ளி முடிவில் எந்த நிலையில் இருந்தது, அதே நிலையில் இருந்த மற்றப் பிள்ளைகளோடு பார்த்தால் இப்போது எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டு, அதன் சராசரியைப் பள்ளியின் எண்ணாக வைத்தார்கள். அதற்கு ‘புரோக்ரஸ் 8’ என்று பெயர். அதிலும் ஒரு தொல்லை முளைத்தது. நோயினாலோ வீட்டுச் சூழலினாலோ தேர்வே எழுதாத இரண்டு மூன்று பிள்ளைகள் போதும், மொத்தப் பள்ளியின் சராசரியும் பாதாளத்துக்கு இழுபட்டுவிடும். எனவே 2018இல், ஒரு பிள்ளையின் மதிப்பெண் எவ்வளவு கீழே போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. நம் பள்ளிகளிலும் இது உண்டு. வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டுச் சராசரி பார்ப்பவர் ஒருவர், தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் பார்ப்பவர் இன்னொருவர். இரண்டு பட்டியலை ஒப்பிடும் முன் அதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. தலைமையாசிரியரின் வகுப்பில் நாற்பது பேரும் இரண்டு தேர்வையும் எழுதியதாகவே வைத்திருக்கிறேன்.

இனி கடிதத்தின் மிச்சம்.

*

ஒரு சந்தேகத்தை நானாகவே எழுப்பிப் பார்த்தேன். ஏழு பேர் கோட்டைத் தாண்டியது பிள்ளைகளின் திறமையா, திருத்துகிறவரின் கருணையா? அவர்களின் மதிப்பெண்களை வரிசையாக எழுதினேன்: 35, 35, 36, 37, 39, 41, 43. கோட்டின் மேலேயே குவியலாக 35, 35, 35 என்று நின்று, கீழே 33, 34 எல்லாம் காலியாக இருந்தால் சிவப்பு மை இரக்கம் காட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. இரண்டு முப்பத்தைந்துகளையும் நானே மறுபடி திருத்தினேன். ஒன்றில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தவன் உதவிப்படம் போடவில்லை. அதற்கு உரிய மதிப்பெண்ணை சார் குறைத்துத்தான் போட்டிருக்கிறார். இன்னொன்றில் நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போட்டிருப்பேன். கணக்கு சார், அந்த ஏழு தேர்ச்சியும் நிஜம்.

அதன் விலை என்ன என்பதும் எனக்குத் தெரியும். பத்தாவது தேறாத பிள்ளைக்குப் பாலிடெக்னிக் இல்லை, பதினொன்றாம் வகுப்பு இல்லை, குரூப் 4 தேர்வு எழுத முடியாது. 29 எடுக்கிறவன் 37 எடுப்பதும், 77 எடுக்கிறவள் 85 எடுப்பதும் ஒரே எட்டு மதிப்பெண்தான். ஆனால் முதல் எட்டு ஒரு கதவையே திறக்கிறது. சராசரி இறங்கியதைக் காட்டி மாலை வகுப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதே சமயம் 88இலிருந்து 77க்கு வந்த அந்தப் பத்துப் பேரைப் பற்றியும் யோசியுங்கள். ஜூனில் இவர்களில் பாதிப் பேர் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு உள்ள முதல் குரூப் கேட்டு வருவார்கள். அங்கே முக்கோணவியல் பத்தாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். இப்போது tan 30° எழுதி நிறுத்திய பிள்ளை அங்கே முதல் மாதத்திலேயே திணறும். அப்போது அது எந்த விழுக்காட்டிலும் தெரியாது.

கடைசி நால்வரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 14, 9 என்பதெல்லாம் கணக்குத் தெரியாததால் மட்டும் வருவதில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு பேர் ஜனவரியிலிருந்து வாரம் மூன்று நாள்தான் வருகிறார்கள். மற்ற இருவர் தினமும் வருகிறார்கள். கடைசி பெஞ்சில் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறார்கள். மாலை வகுப்புப் பட்டியலில் நால்வர் பேரும் இல்லை. பட்டியல் போடும்போது ‘இவங்க எப்படியும் வரமாட்டாங்க சார்’ என்று ஒருவர் சொன்னார், எல்லாரும் அடுத்த பேருக்குப் போய்விட்டோம். கழித்தல் குறியோடு கூட்டல் வந்தாலே தடுமாறுகிற பிள்ளைக்குத் தொடுகோட்டு நோட்ஸ் எதற்கும் உதவாது. அவனுக்கு வேண்டியது ஆறாம் வகுப்புக் கணக்கு. இன்னும் இருக்கிற நாளில் அவனை 35க்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத் தாளில் அச்சு வரைந்து, அளவு எழுதி, கொடுத்த புள்ளிகளைக் குறிக்க அவனால் முடியும். ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத்தேர்வுக்கு அது ஒரு தொடக்கமாவது ஆகும்.

ஆகவே வரும் திங்கள் முதல் இப்படிச் செய்வோம். மாலை வகுப்பு அதே எட்டுப் பேருக்கு, அதே மெட்டீரியலோடு தொடரட்டும். தேறிய ஏழு பேரையும் இப்போதே விட்டுவிட வேண்டாம், 35 என்பது ஒரு கேள்வி தப்பினால் 33 ஆகிவிடும் தூரம். பகல் பாடவேளையில் அந்த மெட்டீரியல் வர வேண்டாம். வாரத்தில் இரண்டு பாடவேளை முழுக்க ஐந்து மதிப்பெண் கேள்விகள், அதில் ஒன்று கட்டாயம் முக்கோணவியல் அல்லது ஆயத்தொலை வடிவியல், ஒன்று புத்தகத்தில் இல்லாத கணக்கு. மாலை எட்டுப் பேரும் அந்த நேரம் வகுப்பில் இருக்கட்டும், முதல் இரண்டு வரி எழுதினாலும் அதற்கும் படிநிலை மதிப்பெண் உண்டு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நால்வரை மதிய இடைவேளைக்குப் பிறகு அரைமணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன். வராத இருவரின் வீட்டுக்கு வகுப்பாசிரியரம்மாவும் நானும் சனிக்கிழமை போய் வருகிறோம்.

மீளாய்வுக் கூட்டத்தில் நான் 87.5 என்று சொல்வேன். சராசரி 50 என்பதையும், அது 53.6ஆக இருந்தது என்பதையும் அடுத்த வாக்கியத்தில் சொல்வேன். கேட்டால் இந்தக் கடிதத்தின் நகலைக் கொடுப்பேன்.

மற்றப் பாட ஆசிரியர்களும் உங்கள் பட்டியலை இதேபோல் ஐந்து குழுவாகப் பிரித்து, அரையாண்டு மதிப்பெண், திருப்புதல் மதிப்பெண், வித்தியாசம் என்று மூன்று கட்டம் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள். அறிவியலுக்கு மட்டும் செய்முறை மதிப்பெண்ணைச் சேர்க்காமல் 75க்கு எழுதிய தாளை வைத்துப் பாருங்கள். செய்முறை 25ஐச் சேர்த்துவிட்டால் எல்லாரும் ஒரே உயரத்தில் இருப்பது போலத் தெரியும். கணக்கு சாருக்கு ஒரு கூடுதல் வேலை: அடுத்த திருப்புதல் தாளைத் திருத்தியதும் மொத்தத்தை எழுதுவதற்கு முன்னால், மூன்றாம் பகுதியின் மதிப்பெண்ணைத் தனி நிரலில் எழுதித் தாருங்கள். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்